காலராவில் ஏன் தண்ணீர் தண்ணீராகப் போகிறது? உப்புச் சர்க்கரைத் தண்ணீர் குடித்தால் எப்படி உயிர் பிழைக்கிறார்கள்?

காலராக் கிருமி குடலைக் கடித்துப் புண்ணாக்குவதில்லை. சிறுகுடல் சுவரில் ஒட்டிக்கொண்டு ஒரு நச்சை விடுகிறது, அவ்வளவுதான். ரத்தம் கலக்காமல் அரிசி கழுவிய கழுநீர் மாதிரி போவது அதனால்தான்.

அந்த நச்சு குடல் செல்லுக்குள் புகுந்து, சைக்ளிக் ஏஎம்பி என்ற சைகைப் பொருளை ஓயாமல் உண்டாக்க வைக்கிறது. உடனே குளோரைடு குடலுக்குள் கொட்டுகிறது. அதன் பின்னாலேயே சோடியமும், ரத்தத்திலிருந்து தண்ணீரும் போகின்றன. கடுமையான நோயாளிக்கு மணிக்கு 1 லிட்டர் வரைகூடப் போகும். உப்பு தனியாக உள்ளே வரும் வழியையும் இதே சைகை அடைத்துவிடுவதால், வெறும் உப்புத் தண்ணீர் குடித்துப் பயனில்லை.

ஆனால் குளுக்கோஸும் சோடியமும் ஜோடியாக மட்டுமே நுழையும் இன்னொரு வாசல் இருக்கிறது. நச்சு அதைத் தொடுவதில்லை. சர்க்கரை சேர்ப்பது தெம்புக்காக என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் உப்பைக் கைபிடித்து உள்ளே கூட்டிவருவதே அதன் வேலை. உப்பு வந்தால் தண்ணீரும் வந்துவிடும்.

1971-இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்க எல்லையில் இருந்த பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. டிரிப் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. மருத்துவர் திலீப் மகலநபிஸ் 1 லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கலக்கச் செய்து, டிரம்களில் வைத்தார். கூட இருந்த உறவினர்களே கோப்பையில் பிடித்துப் புகட்டினார்கள். அதற்கு முன் 30 சதவீதம் அளவுக்கு இருந்த சாவு, மகலநபிஸ் குழுவினர் கவனித்தவர்களிடையே 3.6 சதவீதமாகக் குறைந்தது.

ஓஆர்எஸ் எனப்படும் இந்த உப்புச் சர்க்கரைக் கரைசல் பேதியை நிறுத்தாது. இதை முதலிலேயே சொல்லாவிட்டால், "கொடுத்தும் நிற்கலையே" என்று பாதியில் விட்டுவிடுவார்கள். போவதற்கு ஈடாக உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். சில நாளில் பழைய குடல் செல்கள் உதிர்ந்து புதியவை வந்ததும் பேதி தானே அடங்கும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு அம்மா, 1 லிட்டருக்கான பாக்கெட்டை ஒரே டம்ளரில் கரைத்துக் குழந்தைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அது ஆபத்து. அளவுக்கு மீறிக் கெட்டியானால் அது உடம்பிலிருந்து குடலுக்குள் இன்னும் தண்ணீரை இழுக்கும், ரத்தத்தில் உப்பும் ஏறும். பாக்கெட் இல்லையென்றால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு, தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

கண் குழிந்து, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் படிகிறது, ஆள் துவண்டு குடிக்கவே முடியவில்லை என்றால், காத்திருக்காதீர்கள். அந்த நிலையில் ரத்தக்குழாய் வழியாக டிரிப்தான் ஏற்ற வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலும், விழுங்க முடிகிறவரை புகட்டிக்கொண்டே போங்கள்.