அந்திப் படத்தில் நட்சத்திர வானம்: முகத்தை மட்டும் எப்படிக் காப்பாற்றுவது?

*அந்தி நேரத்தில் என் தங்கை ஒரு பாறைமேல் நிற்கும்படி எடுத்த படம் இருக்கிறது. வானத்தை நட்சத்திர இரவாக மாற்றப் பார்க்கிறேன். மொத்தப் படத்தையும் இருட்டாக்கினால் முகம் கருத்துப்போகிறது. முகத்தை மட்டும் வெளிச்சமாக விட்டால் வெட்டி ஒட்டியதுபோல இருக்கிறது. இரண்டின் எக்ஸ்போஷரையும் எப்படிப் பொருத்துவது?*

பொருத்த முடியாது. அந்தியில் ஓர் ஆளை எடுக்கும் கேமரா 1/125 நொடி, ஐஎஸ்ஓ 400 என்ற அளவில் வேலை செய்திருக்கும். நட்சத்திரங்களை எடுத்தவர் அதே லென்ஸ் திறப்பில் 16 நொடி காத்திருந்து, ஐஎஸ்ஓவை 3200 வரை ஏற்றியிருப்பார். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 16,000 மடங்கு வித்தியாசம். எந்த ஸ்லைடரும் இதை ஈடுகட்டாது, ஈடுகட்டவும் தேவையில்லை. பார்ப்பவர் கண்ணுக்குப் பொருந்த வேண்டியது வேறொன்று: முகத்தில் வெளிச்சம் இருப்பதற்கு ஒரு காரணம்.

உண்மையிலேயே நள்ளிரவில் ஆளையும் நட்சத்திரங்களையும் சேர்த்து எடுப்பவர்கள், முகத்தருகே மங்கலான சிறு விளக்கு ஒன்றைச் சில நொடிகள் காட்டுவார்கள். அந்த விளக்கு இல்லாவிட்டால் ஆள் வெறும் கரிய உருவம்தான். ஆகவே இரவுப் படத்தில் முகம் தெரிவது பொய்யல்ல. முகம், உடை, பாறை, காலடி எல்லாம் ஒரே அளவு தெரிவதுதான் பொய். நீங்கள் செய்ய வேண்டியது முகத்தருகே ஒரு விளக்கு இருப்பதாக முடிவு செய்துகொண்டு, அதன் வெளிச்சம் எட்டாத இடங்களையெல்லாம் இருட்டுக்குத் தள்ளுவது.

விளக்கை எந்தப் பக்கம் வைப்பது என்பதை அந்திப் படமே சொல்லிவிடும். மூக்கின் எந்தப் பக்கம் வெளிச்சமாக இருக்கிறது, தாடைக்குக் கீழே நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். வெளிச்சமான பக்கமே விளக்கின் பக்கம். அதை மாற்றப் போனால் முகம் மெழுகுப் பொம்மையாகிவிடும்.

இனி அளவுகள். எடிட்டிங் மென்பொருளில் ஓர் இடத்தின்மேல் சுட்டியை வைத்தால் 0 முதல் 255 வரை ஓர் எண் காட்டும். 0 முழு இருட்டு, 255 முழு வெண்மை. உங்கள் படத்தில் வானம் 190, முகத்தின் வெளிச்சப் பக்கம் 165, உடை 130, பாறை 110 இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி `Curves` லேயர் போட்டு, மாஸ்க் மூலம் அந்தந்த இடத்தில் மட்டும் இறக்குங்கள். முகம் 125 வரை இறங்கட்டும். அதை இறக்காமல் விடுவதால்தான் ஒட்டுவேலை தெரிகிறது. உடை கழுத்தருகே 80, இடுப்பருகே 50, முழங்காலுக்குக் கீழே 25. பாறை 20. வானம் உச்சியில் 25, அடிவானத்தருகே 40. வானத்தை 0 ஆக்கிவிடாதீர்கள். நல்ல இரவுப் படம் எதிலும் வானம் முழுக் கறுப்பாக இருப்பதில்லை.

உடையில் கழுத்திலிருந்து கால் நோக்கி எண் குறைந்துகொண்டே போவதைக் கவனித்திருப்பீர்கள். விளக்கிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகும். பக்கத்தில் இருக்கும் சிறு விளக்கின் அடையாளமே இந்தச் சரிவுதான். மற்றதெல்லாம் சுமாராக இருந்தாலும் இது சரியாக இருந்தால் கண் நம்பிவிடும்.

கருவிழிகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். அந்தி வானம் முழுவதும் அங்கே அகலமான வெள்ளைப் பட்டையாகப் பிரதிபலித்துக்கொண்டிருக்கும். அதை மங்கவைத்து, விளக்குப் பக்கத்தில் ஒரு சிறு புள்ளியை மட்டும் விடுங்கள். கண்ணின் வெண்மையும் பற்களும் முகத்தோடு சேர்ந்து இறங்க வேண்டும். முகம் இரவிலும் பல் பகலிலும் இருக்கும் படங்கள் எத்தனையோ பார்த்தாயிற்று.

அடுத்தது தலைமுடி. பெரும்பாலோர் முடியை இழை இழையாக வெட்டி எடுத்துப் புதிய வானத்தின்மேல் வைக்கிறார்கள். அந்தி வானத்தின் வெளிச்சம் முடி ஓரத்தில் கலந்திருப்பதால், இருட்டின்மேல் வைத்தவுடன் வெள்ளை விளிம்பு பல்லிளிக்கிறது. வெட்டவே வேண்டாம். பழைய வானத்தை அதன் இடத்திலேயே விட்டு, மேலே சொன்னபடி `Curves` கொண்டு 190-இலிருந்து 25-க்கு இறக்குங்கள். மாஸ்க்கின் ஓரம் முடிப் பகுதியில் தாராளமாக மங்கியிருக்கலாம். கறுப்பு முடி இன்னும் கறுப்பாவதால் ஒன்றும் கெட்டுவிடாது. கன்னம், காது, தோள் ஓரங்களில் மட்டும் மாஸ்க் துல்லியமாக இருக்கட்டும்.

பிறகு நட்சத்திரப் படத்தை மேலே ஒரு லேயராக வைத்து, அதன் கலப்பு முறையை `Screen` என்று மாற்றுங்கள். அந்த லேயரின் பின்புலத்தை 5-க்குக் கீழே இறக்கிவிட்டால் நட்சத்திரங்கள் மட்டுமே கீழுள்ள வானத்தோடு கூடும், கறுப்பு எதையும் கூட்டாது. முடிமேலும் முகத்தின்மேலும் விழுந்த நட்சத்திரங்களை மாஸ்க்கில் அழித்துவிட்டால் போதும். அடிவானத்தை ஒட்டிய பகுதியிலும் பாதிக்குமேல் மங்கவையுங்கள். அங்கே பார்வை தடித்த காற்றுப்படலத்தைக் கடந்து போவதால் சிறு நட்சத்திரங்கள் தெரியாது.

நட்சத்திரப் படத்தை எங்கே வாங்குவது என்று அடுத்து கேட்பீர்கள். தயவுசெய்து 'ஒரே சொடுக்கில் இரவு' என்று விற்கிறார்களே, அந்தக் கட்டுகளுக்குக் காசு கொடுக்காதீர்கள். முகம் எங்கே இருக்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரியாத ஓர் அளவுக் கோப்பு உங்கள் படத்தை எப்படிச் சரிசெய்யும்? மொத்தத்தையும் நீலமாக்கி இருட்டாக்கும். அதை நீங்களே செய்து பார்த்துத் தோற்றுப்போய்தானே எழுதியிருக்கிறீர்கள். நட்சத்திரத் தொகுப்புகளின் கதை இன்னும் மோசம். யாரோ எடுத்த ஒரே பால்வீதியை இடவலமாகத் திருப்பிப் புதுப் படம் என்று விற்கிறார்கள். ஓரியன் என்ற வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டத்தில், நடுவிலுள்ள மூன்று நட்சத்திரங்களுக்கு ஒரு பக்கம் சிவந்த திருவாதிரையும் மறுபக்கம் நீல வெண்மையான ரைகலும் இருக்கும். வடக்கு அரைக்கோளத்தில் அந்தக் கூட்டம் நிமிர்ந்து நிற்கும்போது திருவாதிரை இடது மேல் மூலையிலும் ரைகல் வலது கீழ் மூலையிலும் இருக்க வேண்டும். மாறியிருந்தால் கண்ணாடிப் பிம்பத்தை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

இன்னொரு பொறி, லென்ஸ். உங்கள் தங்கையின் படம் பின்புலம் மங்கலான, நெருக்கமான படமாக இருந்தால் அது நீளமான லென்ஸில் எடுத்தது. அதன் பார்வைக்குள் வானத்தின் சிறு துண்டே அடங்கும். பால்வீதி முழுவதையும் வளைவாகக் காட்டும் படம் மிக அகலமான பார்வையில் எடுத்தது. அதை அவர் தோளுக்குப் பின்னால் திணித்தால், எங்கே தப்பு என்று சொல்லத் தெரியாதவர்களுக்குக்கூட உறுத்தும். வானப் படத்தில் ஒரு சிறு பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்குங்கள். நட்சத்திரங்கள் குறைவாக இருக்கட்டும்.

இவ்வளவும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. மறைந்த சூரியனின் ஒளி முகத்தில் விழுந்திருக்க வேண்டும். அது ஆளின் முதுகுக்குப் பின்னால் இருந்தால் கதை வேறு. முடி ஓரத்திலும் தோள்பட்டையிலும் ஒரு பிரகாசக் கோடு ஓடும். முகம் ஏற்கெனவே நிழலில் இருக்கும். முன்னால் விளக்கு வைத்ததாக நீங்கள் நடித்தாலும் பின்னாலிருக்கும் கோடு காட்டிக்கொடுக்கும். அதை அழிக்கப் போனால் முடி குதறிப்போகும். இங்கே கோட்டை விட்டுவைத்து, அதற்கு ஒரு காரணம் கொடுப்பதே வழி. படத்துக்கு வெளியே, ஆளுக்குப் பின்னால் நிலா இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கோட்டின் ஆரஞ்சு நிறத்தை வெளுத்துப் பாதி பிரகாசத்துக்கு இறக்குங்கள். ஆனால் நிலா வந்துவிட்டால் பால்வீதி போய்விட வேண்டும். வானத்தை 50 அளவில் நீலமாக வைத்து, பெரிய நட்சத்திரங்களை மட்டும் விடுங்கள். நிலாவும் வேண்டாம், பால்வீதிதான் வேண்டும் என்றால் வேறு படம் தேடுங்கள். அடிவானத்தில் அந்திச் சிவப்பை வைத்துக்கொள்ள ஆசைப்படுபவர்களுக்கும் இதே பதில். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகை இறங்கிய பிறகுதான் வானம் முழுமையாக இருளும். சிவப்பும் பால்வீதியும் ஒரே சட்டத்தில் இருந்தால், வானம் பார்க்கத் தெரிந்த ஒருவர் ஒரு நொடியில் சிரித்துவிடுவார்.

முகம் அந்தி வெளிச்சத்தில் எடுத்ததால் வழவழவென்றும், வானம் அதிக ஐஎஸ்ஓவில் எடுத்ததால் மணல்மணலாகவும் இருக்கும். ஆளின்மேல் `Add Noise` மூலம் 2 அல்லது 3 விழுக்காடு, `Monochromatic` தேர்வோடு தூவுங்கள். வானத்தில் படிக்கட்டுபோல வளையங்கள் தெரிந்தாலும் இதுவே ஓரளவு மறைக்கும். அந்த வளையங்களுக்குக் காரணம் பெரும்பாலும் சுருக்கப்பட்ட ஜேபெக் கோப்பு. ஸ்டுடியோ எடுத்த படமாக இருந்தால் ரா கோப்பைக் கேளுங்கள். தர மாட்டார்கள், காசு கொடுத்தவருக்கு மூலக்கோப்பு கிடையாது என்பதை ஏதோ தர்மம்போலக் கடைப்பிடிக்கிறார்கள். ஒப்பந்தம் போடும்போதே எழுதி வாங்கினால்தான் உண்டு. கிடைக்காவிட்டால், இருக்கும் கோப்பை 16 பிட்டுக்கு மாற்றிவிட்டாவது வேலையைத் தொடங்குங்கள்.

கடைசியாக, திரையின் பிரகாசத்தைப் பாதியாகக் குறைத்து ஒருமுறை பாருங்கள். இருட்டறையில் முழுப் பிரகாசத்தில் செய்த இரவுப் படம் காகிதத்தில் வெறும் கரியாக வரும். பாதிப் பிரகாசத்தில் பாறையின் வடிவம் மறைந்துவிட்டால் 20-ஐ 30 ஆக்குங்கள், முகத்தைத் தொடாதீர்கள். முடிந்த படத்தைத் தங்கைக்கு அனுப்பும்போது படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்புங்கள். செய்திச் செயலிகள் படத்தைச் சுருக்கும்போது முதலில் பலியாவது இருண்ட பகுதிகள்தான். பாதி நட்சத்திரங்கள் வழியிலேயே காணாமல் போய்விடும்.