மடியில் பை

கேள்வி: திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் மூன்று மாதம் முன்புதான் கட்டிங் பிரிவுக்கு மேனேஜர் ஆனேன். ஒன்பது வருடமாகத் துணி செக்கிங் பார்க்கும் அக்கா ஒருவர் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டார். இந்த மாதக் கடைசி வரைதான் வருவார். அதிகம் பேசாதவர். ஷிப்ட் முடிந்ததும் 5:30-க்கு மீட்டிங் போட்டு, மாஸ்டர் முதல் ஹெல்பர் வரை "ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்று தினமும் கேட்கிறேன். அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார். போன மாதம் லைக்ரா துணி "இன்னும் ரிலாக்ஸ் ஆகலை சார்" என்றார். ஷிப்மென்ட் அவசரத்தில் வெட்டிவிட்டோம், அளவு குறைந்துபோனது. அந்த வருத்தமா? எப்படி நிறுத்தி வைப்பது?

பதில்: துணிக்குப் பிறகு வருகிறேன், தம்பி. முதலில் அந்தப் பை. 5:30-க்குப் பையை மடியில் வைத்திருக்கும் பெண்ணுக்கு வீட்டில் பள்ளி விட்டு வந்த பிள்ளை காத்திருக்கலாம், மருந்து வேளை தவறக்கூடாத மாமியார் இருக்கலாம். நீங்கள் கேட்டதே இல்லை. தினமும் அரை மணி என்று வைத்தாலும் ஆறு நாளில் மூன்று மணி நேரம் அந்த வீட்டிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். வாரம் 48 மணிக்கு மேல் நிறுத்தினால் இரட்டைக் கூலி தர வேண்டும். கொடுத்தீர்களா? வீட்டுக்கடமையைத் திருடித்தான் கம்பெனி ஓட வேண்டுமென்றால், அது ஓடாமலே இருக்கட்டும்.

மீட்டிங்கைக் காலை 8:30-க்கு, லேயர் போடும் முன், கட்டிங் டேபிள் பக்கத்திலேயே வையுங்கள். பத்து நிமிடம் போதும். "பிரச்சினை இருக்கா" என்றால் "இல்லை" என்றுதான் பதில் வரும். மாஸ்டர் எதிரில் செக்கிங் பெண் வேறென்ன சொல்வாள்? "இன்னைக்கு எந்த ரோலை வெட்டக் கூடாது?" என்று கேளுங்கள். அதையும் துணியைத் தொட்டுப் பார்த்தவரிடம், மாஸ்டர் வருவதற்கு முன் தனியாக.

இப்போது துணி. லைக்ரா கலந்த துணி ரோலில் இழுபட்டே சுற்றியிருக்கும். பிரித்து, இழுக்காமல் மடிப்பாகப் போட்டு 24 மணி நேரமாவது விட வேண்டும். விடாமல் வெட்டினால் பீஸ் வெட்டிய பிறகு சுருங்கும். பிரித்ததும் 1 மீட்டர் குறித்துவைத்து மறுநாள் அளந்தால் எவ்வளவு சுருங்கியது என்று தெரிந்துவிடும். அவர் அன்று சொன்னது இதைத்தான். "இன்னும் எவ்வளவு நேரம் வேணும்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஷிப்மென்ட்டைத் தள்ளுவதா, வேறு ரோலை வெட்டுவதா என்று முடிவெடுத்திருக்கலாம். நீங்கள் முடிவே எடுக்கவில்லை, அவசரப்பட்டீர்கள்.

நிறுத்தி வைக்கப் பார்க்காதீர்கள். "ஏன் போறீங்க" என்று கேட்டால் "வீட்டுல வேலைங்க சார்" என்று முடித்துவிடுவார். மதியச் சாப்பாடு முடிந்து டேபிள் காலியாக இருக்கும்போது போய், புதிதாக வருபவருக்கு எந்த மில் துணியில் என்ன பார்க்கச் சொல்வார் என்று கேளுங்கள். நோட்டில் எழுதுங்கள். நடுவில் மாஸ்டருக்குப் பரிந்து பேசாதீர்கள். அந்த அக்கா சொன்னதில் ஒன்றையாவது அவர் இருக்கும்போதே மாற்றுங்கள்.

ஒன்பது வருடத்துக்கு கிராஜுவிட்டி உண்டு. வருடத்துக்கு 15 நாள் சம்பளம், 30 நாளுக்குள் தர வேண்டும். வாய் திறந்து கேட்க மாட்டார். அதற்கான மனுவை நீங்களே எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போங்கள்.