சும்மா இருந்தால் ஊமையாகும் வயர்கார்டு: போன், நேட், 25 விநாடி

வீட்டில் வயர்கார்டு விபிஎன் சர்வர், கையில் போன். போனிலிருந்து எதைத் திறந்தாலும் உடனே வருகிறது. ஆனால் ஐந்து நிமிடம் கழித்து சர்வரிலிருந்து போனுக்குப் பிங் அடித்தால் பதிலே இல்லை. டனல் அறுந்துவிடுகிறதா?

அறுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அனுப்ப டேட்டா இல்லாதபோது வயர்கார்டு ஒரு பாக்கெட்கூட அனுப்பாது. அதை அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். சிக்கல் நடுவில் இருக்கும் நேட்டில்.

மொபைல் டேட்டாவில் உங்கள் போனுக்குப் பெரும்பாலும் சொந்தமாகப் பொது ஐபி கிடையாது. போன் ஒரு பாக்கெட்டை வெளியே அனுப்பும்போது, மொபைல் நிறுவனத்தின் நேட் தன் பதிவேட்டில் ஒரு வரி எழுதிக்கொள்கிறது: இந்தப் பொது ஐபியில் இந்தப் போர்ட்டுக்கு வருவதெல்லாம் இந்தப் போனுக்கு. சர்வர் அனுப்பும் பதில் அந்த வரியைப் பார்த்துத்தான் உள்ளே வருகிறது. டிசிபியில் பேச்சு முடிந்தால் முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். யூடிபியில் அந்த வழக்கம் இல்லை. அதனால் நேட் கடிகாரத்தைப் பார்த்து வரியை அழிக்கிறது. லினக்ஸில் இயல்பாக ஒருபக்கம் மட்டும் பாக்கெட் போனால் 30 விநாடி, இருபக்கமும் தொடர்ந்து போய்வந்தால் 120 விநாடி. ஆர்எஃப்சி 4787 குறைந்தது 2 நிமிடமாவது வைத்திருக்கச் சொல்கிறது. எல்லாக் கருவிகளும் அதை மதிப்பதில்லை.

வரி அழிந்தது சர்வருக்கும் தெரியாது, போனுக்கும் தெரியாது. சர்வர் பழைய ஐபி, பழைய போர்ட்டுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். நேட் வாங்கிக் குப்பையில் போடும். போன் வாய் திறந்ததும் புதிய வரி உண்டாகும். அந்தப் பாக்கெட்டின் சாவி சரியாக இருந்தால், அது வந்த இடத்தையே சர்வர் புதிய முகவரியாக எடுத்துக்கொள்ளும். போனிலிருந்து திறந்தால் எல்லாம் வேலை செய்வது இதனால்தான்.

நேட்தான் காரணம் என்று எப்படி உறுதிசெய்வது? `wg show` கடைசி ஹேண்ட்ஷேக் ஒரு மணி நேரத்துக்கு முன் என்கிறது.

அந்த ஒரு மணி நேரத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. யாரும் பேசவில்லை என்றால், இருவரும் புதுச் சாவி ஒப்புக்கொள்ளும் ஹேண்ட்ஷேக்கும் நடக்காது. நான் என் போனில் பார்த்த விதத்தைச் சொல்கிறேன்.

போனை மொபைல் டேட்டாவில் வைத்தேன். வேறு எந்த ஆப்பும் டனலுக்குள் புகாதபடி `AllowedIPs`-இல் `10.8.0.0/24` மட்டும். வழி மூடாமலிருக்க அவ்வப்போது வெற்றுப் பாக்கெட் அனுப்பும் கீப்அலைவ் அணைப்பு. போன் உறங்காமலிருக்க சார்ஜரில் செருகி, திரையையும் விழித்திருக்க விட்டேன். சர்வரில் ஒரு ஜன்னலில் இது:

```
sudo tcpdump -ni eth0 udp port 51820
```

போனிலிருந்து சர்வரின் பக்கம் ஒன்றைத் திறந்து, tcpdump-இல் வரிகள் நின்றதும் எண்ணத் தொடங்கினேன். 30 விநாடி கழித்து சர்வரிலிருந்து போனுக்கு ஒரே ஒரு பிங், பதில் வந்தது. மறுபடி முதலிலிருந்து, இந்த முறை 60 விநாடி, வந்தது. 90 விநாடி விட்டபோது பதில் இல்லை. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குவது முக்கியம், ஏனென்றால் வந்த பதிலே நேட்டின் கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிடும்.

tcpdump-இல் அந்தத் தோல்வி எப்படித் தெரிகிறது என்பதுதான் சுவையானது. சர்வரிலிருந்து `length 128` என்று ஒரு வரி வெளியே போகிறது, அது பிங். சுமார் 15 விநாடி மௌனம். பிறகு `length 148` என்று ஏறக்குறைய 5 விநாடிக்கு ஒன்று வீதம் வரிசையாக வருகிறது. அது புது ஹேண்ட்ஷேக் கேட்டுக் கதவைத் தட்டுவது. 90 விநாடி தட்டிப் பார்த்துவிட்டு சர்வர் விட்டுவிடும். அப்புறம் போனில் பக்கத்தைத் திறந்தேன். அதே பொது ஐபி, ஆனால் வேறு போர்ட்டிலிருந்து பாக்கெட் வந்தது. போர்ட் மாறியிருந்தால் பழைய வரி போய்விட்டது என்று தயங்காமல் சொல்லலாம்.

PersistentKeepalive-ஐ சர்வரில் போட்டேன். பயனில்லையே?

இடம் மாறிவிட்டது. உள்ளிருந்து வெளியே போகும் பாக்கெட்தான் நேட்டின் வரியை நிச்சயமாகப் புதுப்பிக்கும். வெளியிலிருந்து வருவதைக் கணக்கில் எடுப்பது ஒவ்வொரு நேட்டின் விருப்பம். தவிர, போன் வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினால் சர்வர் ஆளில்லாத பழைய முகவரிக்கே கீப்அலைவ் அனுப்பிக்கொண்டிருக்கும். போனின் கான்ஃபிகில், சர்வரைக் குறிக்கும் பகுதியில் போடுங்கள்:

```
[Peer]
Endpoint = vpn.example.com:51820
AllowedIPs = 10.8.0.0/24
PersistentKeepalive = 25
```

அது ஏன் 25? பேட்டரியும் டேட்டாவும் போய்விடாதா?

30 விநாடியில் மறக்கும் நேட்டையும் முந்திக்கொள்ளும் எண் என்பதால் 25. என் சோதனையில் வரி 60 விநாடி தாங்கியது, எனவே 50 போட்டாலும் அந்த நெட்வொர்க்கில் ஓடும். ஆனால் போன் ஒரே நெட்வொர்க்கில் இருப்பதில்லையே. நான் 25-லேயே விட்டுவிட்டேன்.

டேட்டா செலவு பேசத் தகுந்ததில்லை. கீப்அலைவ் என்பது உள்ளே ஒன்றுமில்லாத பாக்கெட். ஐபி தலைப்போடு சேர்த்து 60 பைட். நாள் முழுக்க 3,456 அனுப்பினாலும் 0.2 எம்பிதான். டனல் விழித்திருப்பதால் 2 நிமிடத்துக்கு ஒருமுறை நடக்கும் ஹேண்ட்ஷேக்கையும் சேர்த்தால் 0.4 எம்பி அளவுக்கு வரும். பேட்டரி வேறு கதை. ஒரு சின்னப் பாக்கெட் போனாலும் மொபைல் ரேடியோ எழுந்து, அனுப்பிய பிறகும் சில விநாடி விழித்திருந்துவிட்டே படுக்கும். 25 விநாடிக்கு ஒருமுறை எழுப்பினால் அது ஆழ்ந்து உறங்கவே முடியாது. போனை வெளியிலிருந்து யாரும் கூப்பிடத் தேவையில்லை, நீங்கள்தான் எப்போதாவது வீட்டு சர்வரைப் பார்க்கிறீர்கள் என்றால் கீப்அலைவே வேண்டாம்.

எல்லா டிராஃபிக்கையும் டனலில் விட்டதிலிருந்து மெசேஜ் அறிவிப்புகள் தாமதமாக வருகின்றன. திரையைத் திறந்ததும் மொத்தமாகக் கொட்டுகின்றன.

அறிவிப்புகளுக்காகப் போன் ஒரு நீண்ட டிசிபி இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும். டனல் இல்லாதபோது நேட் அதை டிசிபியாகப் பார்க்கும். அந்த வரிக்கு ஆயுள் மிக அதிகம், லினக்ஸில் இயல்பாக 5 நாள். டனலுக்குள் போட்டதும் நேட்டின் கண்ணுக்கு எல்லாமே யூடிபி. அறிவிப்பு உங்கள் வீட்டு சர்வர் வரை வந்து, அழிந்துபோன வரியில் முட்டி நிற்கிறது. நீங்கள் திரையைத் திறந்தால் போன் ஏதாவது அனுப்பும், வழி திறக்கும்.

இங்கே கீப்அலைவ் உதவும், முழுமையாக அல்ல. ஆண்ட்ராய்டு போன் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய் சிபியூ நின்றுவிட்டால் வயர்கார்டின் டைமரும் நிற்கும். 25 விநாடி என்று எழுதியிருந்தாலும் பாக்கெட் கிளம்பாது. வீட்டு நெட்வொர்க் மட்டும் தேவை என்றால் `AllowedIPs`-ஐச் சுருக்கி, அறிவிப்புகளை நேர்வழியில் விடுவதே நல்லது.

சர்வரை ரீபூட் செய்தால் போனுக்குப் பிங் அடிக்கும்போது `Destination address required` என்று வருகிறது.

போன் எங்கே இருக்கிறது என்பதை சர்வர் மறந்துவிட்டது. போன் முதலில் பேச வேண்டும். கீப்அலைவ் இருந்தாலும் உடனே சரியாகாது. போன் பழைய சாவியில் அனுப்பும் கீப்அலைவை சர்வர் சத்தமில்லாமல் ஒதுக்கும், கீப்அலைவுக்குப் பதில் வராததைப் போனும் தவறாக நினைக்காது. சாவிக்கு வயதாகிப் புது ஹேண்ட்ஷேக் தொடங்கும்வரை, அதாவது போன் விழித்திருந்தால் அதிகபட்சம் 3 நிமிடம்வரை, காத்திருங்கள். அவசரம் என்றால் போனில் டனலை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.