மூட்டத்துல காயாத துணியும் உள்ள வைக்கிற கப்பும்

"டாக்டர், கோத்தகிரி பக்கம் எஸ்டேட்ல இலை பறிக்கிறேன், வயசு 34. தீட்டு நாள்ல இதுவரைக்கும் துணிதான். மழைக்காலத்துல அரிப்பு தாங்கல, மெடிக்கல்ல குடுத்த க்ரீம் போட்டா நிக்குது, திரும்ப வருது. பொண்ணு தீட்டு ரத்தத்தைப் பிடிக்க உள்ள வைக்கிற கப் வாங்கிட்டு வந்திருக்கா. அது உள்ள போய் மாட்டிக்கும், விஷம் ஏறி உயிரே போகும்னு போன்ல வீடியோ பாத்தேன். பேடுக்கு மாறிடட்டுமா?"

எங்கயும் தொலையாதும்மா. கப் போற அந்தப் பாதை ஒரு விரல் நீளம்தான், மேல கர்ப்பப்பை வாய் வந்து அடைச்சுக்கும். கைக்கு எட்டலைன்னா குந்தி உக்காந்து முக்குங்க, இறங்கி வரும், அப்புறம் அடியை ரெண்டு விரலால அமுக்கி காத்தை விட்டுட்டு எடுங்க, வெடுக்குனு இழுக்காதீங்க. காப்பர் டி வச்சிருந்தா மட்டும் முதல்ல டாக்டர்கிட்ட கேட்டுட்டு போடுங்க, இழுக்கறப்ப அதுவும் கூட வந்துடலாம்.

அரிப்புக்கு வருவோம். வெயில்ல மொறுமொறுன்னு காஞ்ச பருத்தித் துணியில ஒரு குறையும் இல்ல, ஆனா மழைக்காலத்துல இங்க வெயிலுக்கு எங்க போறது? அதுலயும் யாரும் பாத்துடக் கூடாதுன்னு பாத்ரூம் கதவுக்குப் பின்னாடி, பாவாடைக்கு அடியில போட்டு வைப்பீங்க, கன்னத்துல வச்சுப் பாருங்க, சில்லுனு இருந்தா அது இன்னும் காயல, அதையே கட்டிக்கிட்டு நாள் முழுக்க சரிவுல ஏறி இறங்குனா தொடை உரசி, பூஞ்சையும் சேர்ந்து அரிக்கத்தான் செய்யும். வேற வழியில்லாத அன்னிக்கு அயர்ன் பாக்ஸ் வச்சுத் தேய்ச்சாவது ஈரத்தை எடுங்க. அந்த க்ரீமைத் தூக்கிப் போடுங்க! கடையில கேக்காம குடுக்கற இந்த மாதிரி க்ரீம் பலதுல ஸ்டீராய்டு கலந்திருக்கு, அரிப்பை அமுக்கும், உள்ளுக்குள்ள பூஞ்சையை வளர்த்து விடும், மாசக்கணக்கா தடவுன தோல் மெலிஞ்சு போய் என்கிட்ட வந்து நிப்பீங்க. ஒருதடவை நேர்ல காட்டி ஆத்திட்டு, அப்புறம் கப்பைத் தொடுங்க.

பேடுக்கு மாறலாம், தப்பில்ல, ஆனா தோட்டத்துல மாத்தறதுக்கு கக்கூஸ் எங்க இருக்கு? உள்ள வைக்கிற பஞ்சு, அந்த டாம்பானும் அதேதான், 8 மணி நேரத்துக்கு மேல வைக்கக் கூடாது, விலையும் கட்டாது. காலைல போட்டா சாயங்காலம் வீட்டுக்கு வந்து எடுக்கற மாதிரி இருக்கறது கப்தான், 12 மணி நேரத்தைத் தாண்ட விடாதீங்க. இலைக் கறையும் மருந்தும் படிஞ்ச கையோட தொடாதீங்க, சோப்புப் போட்டு நகக்கண் வரைக்கும் தேய்ங்க. மாசம் ஒருதடவை கொதிக்க வைங்க, அட்டையில 5 நிமிஷம்னு போட்டிருந்தாலும் மலையில தண்ணி 100 டிகிரிக்கு முன்னாடியே கொதிச்சுடும், அதனால 10 நிமிஷமா வச்சுக்கோங்க.

வீடியோல சொன்ன விஷம் பொய்யில்ல, ஆனா ரொம்ப அபூர்வம், ஒரு கிருமி விடற நச்சு அது. கப்போ டாம்பானோ உள்ள இருக்கற நாள்ல திடீர்னு 102 டிகிரிக்கு மேல காய்ச்சல், வெயில்ல கருகுன மாதிரி உடம்பெல்லாம் செவப்பு, வாந்தி பேதி, எழுந்து நின்னா கண்ணு இருட்டுதுன்னா உடனே அதை எடுத்துட்டு 108-ஐக் கூப்பிடுங்க. மாத்திரை போட்டுப் படுத்துப் பாக்கலாம்னு நினைக்கவே கூடாது. ஆஸ்பத்திரியில முதல் வார்த்தையே "தீட்டு நாள், உள்ள கப் வச்சிருந்தேன்"னு சொல்லிடுங்க, வெக்கப்பட்டு மறைச்சா அவங்க சாதாரண காய்ச்சல்னு நினைச்சுட்டு நேரத்தை விட்டுடுவாங்க.