கதிர்வீச்சுக்கு முன்பே பல்லைப் பிடுங்கச் சொல்வது ஏன்?

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது. நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய். பினாங்கில் 35 நாள் கதிர்வீச்சுச் சிகிச்சை, இன்னும் மூன்று வாரத்தில் தொடங்குகிறது. கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டைப் பிடுங்க வேண்டும் என்கிறார் பல் மருத்துவர். அவற்றில் வலியே இல்லை. சிகிச்சை முடிந்து உடம்பு தேறிய பிறகு பிடுங்கிக்கொள்கிறேன் என்கிறார் அப்பா. தள்ளிப்போடலாமா?
— வாசகி, பட்டர்வொர்த்

பதில்: தள்ளிப்போடக் கூடாது. இன்று பிடுங்கினால் சாதாரணமாக ஆறிவிடும் அதே பல்குழி, கதிர்வீச்சுக்குப் பிறகு ஆறாமலே போகக்கூடும்.

கதிர்வீச்சின் அளவை ‘கிரே’ என்ற அலகில் கணக்கிடுவார்கள். 35 நாள் சிகிச்சை என்றால் கட்டிக்குச் செல்லும் மொத்த அளவு பெரும்பாலும் 70 கிரே. நாக்கின் அடிப்பகுதிக்குப் பக்கத்திலேயே கீழ்த்தாடையின் பின்பகுதி இருப்பதால், அந்தக் கடைவாய்ப் பற்கள் ஊன்றியிருக்கும் எலும்புக்கும் கணிசமான பங்கு போய்ச் சேரும். 50 கிரேக்கு மேல் வாங்கிய எலும்பில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சுருங்கி அடைபடுகின்றன. எலும்பைப் புதுப்பிக்கும் செல்களும் குறைந்துவிடுகின்றன. கீழ்த்தாடை எலும்பு அடர்த்தியானது, மேல்தாடையைவிட இரத்த ஓட்டம் குறைந்தது என்பதால் இந்தப் பாதிப்பு அங்கேதான் அதிகம். உடம்பு தேறினாலும் அந்த எலும்பு பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. பத்து ஆண்டுகள் கழித்துப் பிடுங்கினாலும் ஆபத்து இருக்கவே செய்யும். உங்கள் அப்பா கணக்குத் தவறுவது இந்த இடத்தில்தான்.

வலி இல்லை என்பதை வைத்தும் முடிவெடுக்க முடியாது. ஈறு இறங்கி ஆடும் பல், வேர் நுனியில் சீழ் கட்டிய பல் ஆகியவை மாதக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். முழுத் தாடையும் தெரியும் ஓபிஜி எக்ஸ்ரேயில் அவை தெரிந்துவிடும். அந்தப் படத்தையும் கதிர்வீச்சு படும் பகுதியையும் சேர்த்துப் பார்த்துத்தான் எந்தப் பல்லை எடுப்பது, எதை அடைத்துக் காப்பாற்றுவது என்று தீர்மானிக்கிறார்கள். நல்ல பல்லைப் பிடுங்கத் தேவையில்லை. எல்லாப் பற்களையும் எடுத்துவிடும் பழைய வழக்கம் இப்போது இல்லை.

பிடுங்கிய குழியை ஈறு மூட குறைந்தது இரண்டு வாரம் வேண்டும். உங்களுக்கு இருப்பது மூன்று வாரம் என்பதால், இந்த வாரத்துக்குள் பிடுங்கிவிடுவது நல்லது. கதிர்வீச்சின்போது தலை அசையாமல் பிடிக்கும் முகக்கவசம் செய்வதும் ஸ்கேன் எடுத்துத் திட்டமிடுவதும் எப்படியும் நாள் பிடிக்கும் வேலைகள். அந்த இடைவெளியில் குழி ஆறிவிடும். ஒருவேளை ஆறத் தாமதமானால், கதிர்வீச்சைத் தள்ளிவைக்கலாமா என்பதைப் புற்றுநோய் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பல்லுக்காகப் புற்றுநோயைக் காத்திருக்க வைப்பது பெரும்பாலும் சரியான பேரம் அல்ல.

இனி, மிஞ்சும் பற்களைப் பற்றி. உமிழ்நீர்ச் சுரப்பிகள்மீது கதிர் படும்போது, முதல் ஓரிரு வாரங்களிலேயே வாய் உலரத் தொடங்கும். சுரப்பிகளை இயன்றவரை விலக்கித் திட்டமிட்டாலும் வறட்சி ஓரளவு நிலைத்துவிடுவதுண்டு. அமிலத்தைத் தணிக்க உமிழ்நீர் இல்லாதபோது, சாதாரணமாகச் சொத்தை விழாத இடமான ஈறோரத்தில், பல்லின் கழுத்தைச் சுற்றிப் பழுப்பு வளையம் படரும். வலிக்காது, சில மாதங்களில் பல் கழுத்தோடு முறியும். அப்போது பிடுங்கவேண்டிய நிலை வந்தால், நாம் தவிர்க்க நினைத்த ஆபத்துக்கே திரும்பி வருகிறோம்.

அதனால் பல்வரிசைக்கு அளவெடுத்துச் செய்த தட்டில் 1.1 விழுக்காடு சோடியம் ஃபுளோரைடு ஜெல் இட்டு, இரவில் ஐந்து நிமிடம் அணிந்து, துப்பிவிட்டு, வாய் கொப்பளிக்காமல் படுக்க வேண்டும். தட்டு ஒத்துவராவிட்டால் மருத்துவர் எழுதித்தரும் 5000 பிபிஎம் ஃபுளோரைடு பற்பசையைக் கேளுங்கள். இது வாழ்நாள் பழக்கம். வறட்சிக்குத் தண்ணீரையே அடிக்கடி சிறிது சிறிதாகப் பருகட்டும். நம் ஊரில் தொண்டை காய்ந்தால் தே தாரிக் அல்லது மைலோதான் கைக்கு வரும்; உலர்ந்த வாயில் அந்தச் சர்க்கரை நெடுநேரம் தங்கும். தேநீர் வேண்டுமென்றால் தே ஓ கோசோங் போதும்.

பின்னாளில் ஒரு பல் கெட்டுவிட்டால், கதிர்வீச்சு பெற்றதைச் சொல்லாமல் அருகிலுள்ள கிளினிக்கில் பிடுங்கிவிடாதீர்கள். வேர்ச் சிகிச்சை செய்து, மேல்பகுதியை வெட்டி, வேரை எலும்பிலேயே விட்டுவிடும் வழியும் உண்டு. பிடுங்கித்தான் ஆகவேண்டும் என்றால், அந்த இடம் எத்தனை கிரே வாங்கியது என்ற விவரத்தோடு மருத்துவமனையின் வாய், தாடை அறுவை நிபுணரிடம் செல்லுங்கள்.

இதுவரை சொன்ன ஆபத்து, கதிர்பட்ட எலும்பு ஆறாமல் அழியும் எலும்புச் சிதைவு. அது முதலில் வலியின்றியும் வரலாம். நாக்கு நுனியில் சொரசொரப்பாக ஏதோ தட்டுப்படும். பார்த்தால் ஈறு விலகி வெளிறிய எலும்பு தெரியும். வாய் நாற்றம், சீழ், கீழுதடு மரத்துப்போதல் ஆகியவை பிறகு சேரலாம். மூன்று மாதம் மூடாமல் வெளித்தெரியும் எலும்பையே இந்நோய் என்று வழக்கமாக வரையறுப்பார்கள். ஆனால் நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். புற்றுநோய் திரும்பியிருந்தாலும் இதே தோற்றம் இருக்கலாம் என்பதால், கண்ட வாரத்திலேயே காட்டிவிடுங்கள்.