ஐந்து புள்ளிகள், மூன்று பரப்பளவுகள்: குறுக்குப் பெருக்கல் சூத்திரம் பற்றிச் சில கேள்விகள்

பத்தாம் வகுப்பில் முக்கோணத்துக்கும் நாற்கரத்துக்கும் இந்தச் சூத்திரத்தைப் போட்டிருக்கிறோம். உள்ளே குழிந்த வடிவத்துக்கும் சரியாக வருமா, சார்?

வரும். மேல் பக்கம் ஆப்பு போலக் குழிந்த ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். மூலைகள் மீட்டரில்: (0,0), (40,0), (40,30), (20,10), (0,30). ஒவ்வொரு பக்கத்துக்கும் முதல் புள்ளியின் x-ஐ அடுத்ததன் y-யால் பெருக்கி, அதிலிருந்து அடுத்ததன் x-ஐ முதலாவதின் y-யால் பெருக்கியதைக் கழிக்க வேண்டும். கடைசிப் புள்ளியிலிருந்து முதல் புள்ளிக்குத் திரும்பும் பக்கத்தையும் விடக்கூடாது. கிடைப்பவை 0, 1200, −200, 600, 0. கூட்டினால் 1600, பாதி 800 சதுர மீட்டர். 40×30 செவ்வகத்திலிருந்து 400 சதுர மீட்டர் ஆப்பைக் கழித்தாலும் அதே 800தான்.

அந்த −200-ஐக் கவனியுங்கள். ஒவ்வொரு பெருக்கலும், அந்தப் பக்கமும் ஆதிப்புள்ளியும் சேர்ந்த முக்கோணத்தின் பரப்பைப் போல இரண்டு மடங்கு, பாதியாக்குவது அதனால்தான். 1200 தந்த முக்கோணத்தில் ஒரு பகுதி குழிக்குள் நீண்டுவிடுகிறது. இன்னொரு பகுதி 600 தந்த முக்கோணத்தின் மேல் விழுகிறது. இந்த இரண்டு மிகையையும் −200 எடுத்துவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு உறுப்பின் குறியையும் அப்படியே வைத்துக் கூட்ட வேண்டும். குறியை நீக்குவதானால் மொத்தத்துக்குத்தான்.

புள்ளிகள் எந்த வரிசையில் வந்தாலும், நடுப்புள்ளியைச் சுற்றிக் கோணப்படி அடுக்கிவிட்டால் போதுமே? என் நிரலில் அப்படித்தான் செய்கிறேன்.

குழிவே இல்லாத வடிவமென்றால் சரி. மேலே உள்ள மனையில் செய்து பாருங்கள். ஐந்து மூலைகளின் சராசரி (20,14). அதைச் சுற்றி அடுக்கினால் (20,10) என்ற புள்ளி (0,0)-க்கும் (40,0)-க்கும் நடுவில் வந்துவிடும். குழி மேலிருந்து கீழே இடம் மாறும், விடை 1000. அதே புள்ளியை (40,0)-க்கும் (40,30)-க்கும் நடுவில் வைத்தால் குழி வலப்பக்கம் போய் 900 ஆகும். மூன்றிலும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டவில்லை, மூன்றும் முறையான வடிவங்கள்தான். எது உங்கள் மனை என்று புள்ளிகளை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அளக்கும்போதே எல்லையைச் சுற்றி நடந்த வரிசையில் எண்ணிட்டு, கணக்கிடுமுன் ஒருமுறை வரைந்து பார்ப்பதுதான் வழி.

எங்கள் வயலை ஃபோன் ஜிபிஎஸ்ஸில் எடுத்தேன். சூத்திரத்தில் போட்டால் 0.000000066 என்று வருகிறது. இது எத்தனை சென்ட்?

நீங்கள் பெருக்கியது டிகிரியை டிகிரியால். தமிழ்நாட்டின் நடுப்பகுதியில், 11 டிகிரி அட்சரேகையை ஒட்டி, ஒரு டிகிரி அட்சம் சுமார் 110.6 கிலோமீட்டர், ஒரு டிகிரி தீர்க்கம் சுமார் 109.3 கிலோமீட்டர். இரண்டையும் மீட்டராக்கிப் பெருக்கினால் உங்கள் எண் ஏறக்குறைய 800 சதுர மீட்டர், அதாவது இருபது சென்டுக்குச் சற்றுக் குறைவு. ஒரு வயலுக்கு இந்தக் குறுக்குவழி போதும். ஆனால் ஃபோன் ஒவ்வொரு மூலையையும் சில மீட்டர் தள்ளிக் காட்டக்கூடும் என்பதால், இதை நம்பி வேலி போடாதீர்கள்.

யூடிஎம் ஆயத்தொலைகளைத்தான் தருகிறேன், புள்ளி வரிசையும் சரி. ஆனாலும் விடை சில சமயம் பூஜ்யம், சில சமயம் பல ஆயிரம். ஏன்?

32 பிட் மிதவை எண் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கம் வடக்கு அளவு ஏறக்குறைய 12 லட்சம் மீட்டர், கிழக்கு அளவு 3 லட்சம். பெருக்கினால் 30,000 கோடியைத் தாண்டும். அந்த அளவில் 32 பிட் எண்ணின் அடுத்தடுத்த படிகளுக்கு நடுவே 32,768 இடைவெளி. 800 அதில் தொலைந்துபோகும். 64 பிட்டுக்கு மாறுங்கள். அதோடு எல்லாப் புள்ளிகளிலிருந்தும் முதல் புள்ளியைக் கழித்துவிட்டுப் பெருக்குங்கள். வடிவம் நகர்ந்தாலும் பரப்பு மாறாது.

```
def parappu(p):
    x0, y0 = p[0]
    s = 0
    for (a, b), (c, d) in zip(p, p[1:] + p[:1]):
        s += (a-x0)*(d-y0) - (c-x0)*(b-y0)
    return s / 2
```

நான் நில அளவையில் இருப்பவன். சூத்திரத்தில் குறையில்லை, எல்லைதான் நேர்கோடாக இருப்பதில்லை. வாய்க்கால் வளைவில் எத்தனை புள்ளி எடுப்பது?

இத்தனை என்று ஒரே எண்ணைச் சொல்ல முடியாது, ஐயா. இழப்பை மதிப்பிடலாம். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 20 மீட்டர், கரை அந்த நேர்கோட்டிலிருந்து நடுவில் 1 மீட்டர் வெளியே வளைகிறது என்றால், விடுபடுவது சுமார் ⅔ × 20 × 1, அதாவது 13 சதுர மீட்டருக்குச் சற்று மேல். ஏறக்குறைய மூன்றில் ஒரு சென்ட். நடுவில் ஒரு புள்ளி சேர்த்தால் இழப்பு நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் மழைக்கு மழை கரை நகரும் இடத்தில் எந்தக் கரையை எல்லையாகக் கொள்வது என்பதை உங்களைப் போன்றவர்கள்தான் சொல்ல வேண்டும்.