பெயரை அழித்தால் போதுமா?

கேள்வி: இத்தாலிய மருத்துவக் கோப்பை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கிறேன். ஒரு வரி புரியவில்லை. பெயரை அழித்துவிட்டு இணையத்தில் கேட்கலாமா?

கோப்பில் இருப்பது, அந்த வேலைக்குத் தேவையானவரைத் தாண்டி யாருக்கும் போகக்கூடாது. ரகசியக் காப்பு என்றால் அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் உடல்நலத் தகவலுக்குத் தனிப் பாதுகாப்பு தருகிறது. இத்தாலியத் தண்டனைச் சட்டத்தின் 622ஆம் பிரிவும், தொழில்வழி அறிந்த ரகசியத்தைத் தகுந்த காரணமின்றி வெளியிட்டு அதனால் பாதிப்பு வரக்கூடுமென்றால், ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் என்கிறது.

பெயரை அழித்தாலும், மூலையில் கோதிச்சே ஃபிஸ்காலே என்ற 16 எழுத்து வரித்துறை எண் இருக்கும். அதன் நடுவில் `85H47` என்று இருந்தால், 1985 ஜூன் 7 அன்று பிறந்த பெண் என்று அர்த்தம். H ஜூன் மாதம். பெண்ணென்றால் பிறந்த தேதியோடு 40 கூட்டுவார்கள். அடுத்த நான்கு எழுத்துகள் பிறந்த ஊர். முகத்தை மூடிக்கொண்டு சட்டையில் பெயர்ப் பட்டையை மாட்டிக்கொண்டு போவது போலத்தான்.

அதனால் பக்கத்தைப் படம் எடுத்துப் போடாதீர்கள். புரியாத சுருக்கெழுத்தை மட்டும் கேளுங்கள்: "மருத்துவக் குறிப்பில் ஏ.பி.ஆர். என்றால் என்ன?" முந்தைய நோய்களின் வரலாறு என்று யாராவது சொல்லிவிடுவார்கள். கையெழுத்தே புரியவில்லை என்றால், சரி, கோப்பு தந்தவரிடமே கேட்க வேண்டியதுதான்.

அப்புறம், ரகசியம் காப்பது என்று நினைத்துச் சங்கடமான நோயின் பெயரை மொழிபெயர்ப்பில் விட்டுவிடுகிறவர்களும் உண்டு. அது ரகசியக் காப்பு அல்ல, தவறான மொழிபெயர்ப்பு.